ஒரே அறை, தனிப் படுக்கை

பிறந்த குழந்தை முதல் ஆறு மாதமும் பெற்றோர் தூங்கும் அறையிலேயே தூங்க வேண்டும். ஆனால் அவர்களுடைய மெத்தையில் அல்ல, பக்கத்திலேயே போடப்பட்ட, தனக்கென்று உள்ள சமதளமான கெட்டிப் படுக்கையில். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2022-இல் வெளியிட்ட பரிந்துரை இதைத்தான் சொல்கிறது. பிரிட்டனின் தேசியச் சுகாதாரச் சேவையும் குழந்தைக்கு அதே ஆறு மாதக் கணக்கைத்தான் வைத்திருக்கிறது.

இந்தப் பரிந்துரையில் இரண்டு பாதிகள் இருக்கின்றன. ஒரே அறை என்பது முதல் பாதி, தனிப் படுக்கை என்பது இரண்டாம் பாதி. குழந்தைக்குத் தனி அறை ஒதுக்கி, வண்ணம் பூசி, பிறந்த சில வாரங்களிலேயே அங்கே தூங்கவைக்கும் வழக்கம் உள்ள நாடுகளில் முதல் பாதிதான் எடுத்துச் சொல்ல வேண்டிய செய்தி. தமிழ் வீடுகளில் யாரும் கைக்குழந்தையைத் தனி அறையில் விடுவதில்லை. இங்கே சிக்கல் இரண்டாம் பாதியில் இருக்கிறது. பத்துக்குப் பத்து அறையில் ஒரு பெரிய கட்டிலும் ஒரு பீரோவும் போட்ட பிறகு, இன்னொரு சின்னக் கட்டிலுக்கு எங்கே இடம்?

இந்த ஏற்பாடு எந்த ஆபத்தைத் தடுக்கப் பார்க்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். ஓராண்டு நிறையாத, நன்றாக இருந்த குழந்தை தூக்கத்தில் இறந்துபோய், பிரேதப் பரிசோதனையிலும் காரணம் தெரியாமல் போனால் அதைத் திடீர் சிசு மரணம் என்கிறார்கள். இத்தகைய இறப்புகளில் பத்தில் ஒன்பது முதல் ஆறு மாதத்துக்குள் நடக்கின்றன. ஒன்றாம் மாதத்துக்கும் நான்காம் மாதத்துக்கும் இடைப்பட்ட காலம்தான் மிக ஆபத்தானது. ஆறு மாதம் என்ற வரம்பு இந்தக் கணக்கிலிருந்து வந்தது. இதோடு மூச்சுமுட்டல், நசுங்கல், இடுக்கில் சிக்குதல் ஆகிய விபத்துகளும் சேர்ந்துகொள்கின்றன. இவற்றுக்குக் காரணம் தெரியும், ஆகவே தடுக்கவும் முடியும்.

1980-களின் இறுதியில் நியூசிலாந்தில் இப்படி இறந்த குழந்தைகளையும், அதே வயதில் நலமாக இருந்த குழந்தைகளையும் ஒப்பிட்டு நாடு தழுவிய ஆய்வு ஒன்று நடந்தது. குப்புறப் படுக்கவைப்பது எவ்வளவு ஆபத்து என்பதை உலகுக்குத் தெளிவாகக் காட்டிய ஆய்வுகளில் அது ஒன்று. அதே தரவிலிருந்து 1996-இல் இன்னொரு முடிவும் வெளிவந்தது. பெரியவர் ஒருவர் தூங்கும் அறையில் தூங்கிய குழந்தைகளுக்கு ஆபத்து குறைவாக இருந்தது. ஆனால் அண்ணன், அக்கா போன்ற சிறுவர்கள் மட்டும் கூடத் தூங்கிய அறையில் அந்தப் பாதுகாப்பு கிடைக்கவில்லை. ஆகவே அறையில் யாரோ ஒருவர் இருந்தால் போதும் என்பதில்லை. குழந்தையின் சத்தத்துக்கு எழுந்து பார்க்கக்கூடிய பெரியவர் இருக்க வேண்டும். பிறகு வந்த ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்த அமெரிக்கக் கழகம், இந்த ஏற்பாடு திடீர் சிசு மரண ஆபத்தைப் பாதி வரைகூடக் குறைக்கக்கூடும் என்று கணிக்கிறது.

இது எப்படி வேலை செய்கிறது என்பது இன்னும் முழுமையாக விளங்கவில்லை. கைக்குழந்தை தூக்கத்தில் பல முறை அரைகுறையாக விழித்துத் திரும்பவும் தூங்கும். முகம் துணியில் புதைந்து, தான் வெளியே விட்ட காற்றையே திரும்ப இழுக்க நேர்ந்தால், அந்தச் சிறு விழிப்புதான் தலையைத் திருப்பவும் முனகவும் அழவும் வைக்கிறது. சில குழந்தைகளுக்கு இந்த விழிப்பு மந்தமாக இருக்கலாம் என்று கருதப்படுகிறது. பெரியவர்கள் புரள்வது, இருமுவது, எழுந்து தண்ணீர் குடிப்பது போன்ற ஓசைகள் குழந்தையை மிக ஆழமான தூக்கத்துக்குள் போகவிடாமல் வைத்திருக்கக்கூடும். அருகில் இருக்கும் தாய்க்குச் சிறு முனகலும் கேட்டுவிடும், தாய்ப்பால் கொடுப்பதும் எளிதாகும். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு இந்த ஆபத்து குறைவு என்பதும் தனியாக நிறுவப்பட்ட ஒன்று.

அப்படியானால் இன்னும் நெருக்கமாக, ஒரே மெத்தையில் போட்டால் என்ன? நெருக்கம் தரும் நன்மையைப் பெரியவர்களின் மெத்தை பறித்துவிடுகிறது. அந்த மெத்தை பெரியவர் உடம்புக்காகச் செய்யப்பட்டது. ஐம்பது, அறுபது கிலோ எடை அமுக்கினால் பள்ளம் விழும். பள்ளம் இருக்கும் பக்கமாக மூன்று கிலோக் குழந்தை உருளும். தலையணையும் போர்வையும் முகத்தை மூடலாம். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே உள்ள நான்கு விரல் இடுக்கில் குழந்தை வழுக்கி இறங்கித் தலை சிக்கிக்கொள்ளலாம். படுத்திருப்பவர் புகைபிடிப்பவராகவோ, மது அருந்தியவராகவோ, தூக்கம் வரவழைக்கும் மாத்திரை எடுத்தவராகவோ இருந்தால் ஆபத்து பல மடங்கு ஏறும். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கும், இரண்டரைக் கிலோவுக்குக் குறைவான எடையில் பிறந்த குழந்தைக்கும், நான்கு மாதம் நிறையாத குழந்தைக்கும் அப்படித்தான். எல்லாவற்றிலும் மோசமானது சோபா. குழந்தையை மார்பில் போட்டுக்கொண்டு சோபாவில் கண்ணயர்வது, குழந்தை தூங்கக்கூடிய இடங்களிலேயே மிக ஆபத்தான ஒன்று.

பாட்டி காலத்தில் எல்லோரும் குழந்தையை அணைத்துக்கொண்டுதானே படுத்தார்கள் என்ற கேள்வி எழும். நியாயமான கேள்விதான். பிரிட்டனில் வாழும் தெற்காசியக் குடும்பங்களில், பெரியவர் படுக்கையில் குழந்தையைப் போடும் வழக்கம் இருந்தும், திடீர் சிசு மரணம் வெள்ளையர் குடும்பங்களைவிடக் குறைவாகவே இருந்திருக்கிறது. பிராட்ஃபோர்டு நகரில் இரு பிரிவினரையும் ஒப்பிட்ட ஆய்வாளர்கள், பாகிஸ்தானிய வம்சாவளிக் குடும்பங்களில் புகையும் மதுவும் சோபாத் தூக்கமும் குறைவு என்றும், குழந்தையைத் தனி அறையில் விடுவதும் குறைவு என்றும் கண்டார்கள். இதனால்தான் பிரிட்டனின் அறிவுரை பக்கத்தில் போடுவதை அடியோடு தடுக்காமல், எந்த நிலைகளில் கூடவே கூடாது என்பதை அழுத்திச் சொல்கிறது. அமெரிக்க அறிவுரை இன்னும் கறாரானது. இரண்டுமே ஆறு மாதம் வரை மிகப் பாதுகாப்பான இடம் பெற்றோர் அறையில் உள்ள தனிப் படுக்கைதான் என்பதில் ஒத்துப்போகின்றன. பாட்டி படுத்தது தரையில் விரித்த கோரைப் பாயில். இன்றைய தாய் படுப்பது எட்டு அங்குல ஃபோம் மெத்தையில், ஏசி குளிருக்குக் கனத்த போர்வையோடு. பழக்கத்தின் பெயர் ஒன்றுதான், குழந்தைக்கு அடியில் இருக்கும் பொருள் வேறு.

இந்த ஏற்பாடு பெரும்பாலும் எங்கே உடைகிறது என்பதுதான் கவனிக்க வேண்டிய இடம். இரவு பத்து மணிக்கு யாரும் குழந்தையைப் பெரிய கட்டிலில் போட முடிவு செய்வதில்லை. அதிகாலை மூன்று மணிக்கு, பால் கொடுத்து முடித்த அசதியில், எழுந்து போய்ப் போட வேண்டுமே என்ற மலைப்பில், குழந்தை அங்கேயே தங்கிவிடுகிறது. 2017-இல் வெளிவந்த ஒரு அமெரிக்க ஆய்வில், பெற்றோர் அறையில் தூங்கிய குழந்தைகள்தான் இரவின் நடுவில் பெற்றோர் படுக்கைக்கு அதிகம் மாறியிருந்தார்கள். அறையைப் பகிர்வதன் கூடவே வரும் ஆபத்து இது. ஆகவே குழந்தைக் கட்டிலின் விலையையும் அழகையும்விட அது நிற்கும் தூரமே முக்கியம். தாய் படுக்கை விளிம்பில் உட்கார்ந்தபடியே குழந்தையை எடுக்கவும் திரும்பப் போடவும் முடிந்தால் ஏற்பாடு ஆறு மாதம் நிலைக்கும். எழுந்து, சுற்றி, நான்கு எட்டு நடக்க வேண்டியிருந்தால் பத்து நாளில் கட்டில் துணி மடித்து வைக்கும் இடமாகிவிடும். சிசேரியன் தையலோடு இருப்பவருக்கு முதல் வாரங்களில் அந்த நான்கு எட்டு நிஜமாகவே வலிக்கும்.

கட்டிலைப் பற்றிச் சில அளவுகள் போதும். கம்பிகளுக்கு இடையே ஆறு சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது. அதற்கு மேல் போனால் உடம்பு நுழைந்து தலை மாட்டிக்கொள்ளும். மெத்தை கட்டிலுக்கென்றே வெட்டியதாக இருக்க வேண்டும். மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழையும் அளவு இடம் இருந்தால் அந்த மெத்தை பொருந்தவில்லை என்று பொருள். உள்ளங்கையால் அமுக்கி எடுத்ததும் மெத்தை உடனே பழைய தளத்துக்கு வர வேண்டும், கையின் தடம் நிற்கக் கூடாது. பக்கம் இறங்கும் வகைக் கட்டில்களை அமெரிக்கா 2011-இல் தடைசெய்தது. கொக்கி கழன்று பக்கச் சட்டம் தொங்கி, அந்த இடுக்கில் குழந்தைகள் சிக்கி இறந்ததுதான் காரணம். உறவினர் வீட்டிலிருந்து பழைய கட்டில் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். தச்சரிடம் சொல்லிச் செய்வதானால் கம்பி இடைவெளியையும் மெத்தை அளவையும் எழுதியே கொடுத்துவிடுவது நல்லது.

கட்டிலுக்குள் குழந்தையும், இழுத்துச் செருகிய ஒரு விரிப்பும் மட்டும் இருக்க வேண்டும். தலை உருண்டையாக வர வேண்டும் என்று வைக்கும் கடுகுத் தலையணை, பக்கத்து உருளைத் தலையணைகள், கம்பியைச் சுற்றிக் கட்டும் பஞ்சுத் தடுப்பு, பொம்மை எதுவும் வேண்டாம். தலையின் ஒரு பக்கம் தட்டையாவதைத் தடுக்க வேறு வழி இருக்கிறது. விழித்திருக்கும்போது, ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கையில், சிறிது நேரம் குப்புறப் போட்டால் போதும். தூங்கும்போது எப்போதும் மல்லாந்துதான். கக்கினால் புரையேறும் என்று ஒருக்களித்துப் படுக்கவைப்பது வீடுகளில் சகஜம். ஆனால் மல்லாந்து படுக்கையில் மூச்சுக்குழாய் உணவுக்குழாய்க்கு மேலே இருப்பதால், கக்கியது கீழேயே தங்கும். மல்லாந்து படுப்பதால் நலமான குழந்தைகளுக்குப் புரையேறுவது கூடவில்லை.

இனி அறை. சென்னை அடுக்குமாடிக் குடியிருப்பில் சாதாரணமாகக் காணக்கூடிய ஒரு படுக்கையறையை எடுத்துக்கொள்ளலாம். கிழக்கு மேற்காகப் பத்து அடி, வடக்கு தெற்காக ஒன்பது அடி. வடக்குச் சுவரில் ஜன்னல். தெற்குச் சுவரின் மேற்கு முனையில் கதவு, திறந்தால் மேற்குச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். மேற்குச் சுவரின் வடக்குப் பாதியில் மூன்றடி அகல, ஒன்றரை அடி ஆழ பீரோ, அதற்கு மேலே சாமான் அடுக்கிய பரண். கிழக்குச் சுவரை ஒட்டித் தலைமாடு வைத்து ஆறரைக்கு ஐந்து அடிக் கட்டில். வழக்கம்போல் நடுவில் போட்டிருப்பதால் கட்டிலின் இரு பக்கமும் இரண்டிரண்டு அடி இடம் இருக்கிறது. அறுபதுக்கு நூற்றிருபது சென்டிமீட்டர் மெத்தை கொண்ட குழந்தைக் கட்டிலின் வெளி அளவு ஏறக்குறைய இரண்டடி இரண்டு அங்குல அகலமும் நான்கடி ஒரு அங்குல நீளமும் வரும். எந்தப் பக்கமும் அது நுழையாது. பெரும்பாலான வீடுகளில் பேச்சு இங்கேயே முடிந்துவிடுகிறது.

ஆனால் பெரிய கட்டிலை ஒரு பக்கச் சுவரோடு தள்ளினால், இரண்டும் இரண்டும் சேர்ந்து நான்கு அடி ஒரே பக்கம் கிடைக்கும். எந்தப் பக்கம் தள்ளுவது என்பதுதான் யோசிக்க வேண்டியது. தெற்குச் சுவரோடு தள்ளினால் குழந்தைக் கட்டில் ஜன்னலடியில் நிற்கும். திரைச்சீலை, அதன் கயிறு, மழைச் சாரல், காலை வெயில் எல்லாம் குழந்தை மேல் வரும். திரைக் கயிறு கழுத்தில் சுற்றிக் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். தொங்கும் எந்தக் கயிறும் வயரும் குழந்தைக் கட்டிலிலிருந்து மூன்றடிக்கு அப்பால் இருக்க வேண்டும். மேற்குச் சுவரோ, வெளிச்சுவராக இருந்தால், பகலெல்லாம் வாங்கிய வெயிலை இரவு வெகுநேரம் வரை அறைக்குள் விட்டுக்கொண்டிருக்கும். போதாததற்கு மேலே பரண். ஆகவே பெரிய கட்டில்தான் ஜன்னல் பக்கம், வடக்குச் சுவரோடு போக வேண்டும். குழந்தைக் கட்டில் கூடத்தைப் பார்த்த உள்சுவரான தெற்குச் சுவரை ஒட்டி, பெரிய கட்டிலுக்கு இணையாக நிற்கும். இரண்டுக்கும் நடுவே இருபத்திரண்டு அங்குலம் மிஞ்சும். தாய் கட்டிலின் தெற்கு விளிம்பில் படுத்தால், கால்களைத் தொங்கவிட்டு உட்கார அந்த இடம் போதும். கை நீட்டினால் குழந்தை. தந்தை சுவரோரம் படுத்து, கால்மாட்டில் பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவே உள்ள இரண்டடி வழியாக வெளியே வருவார். வடக்கே தலை வைக்கக் கூடாது என்று நினைக்கும் பெரியவர்களுக்கும் பிரச்சினை இல்லை. பெரியவர், குழந்தை எல்லோருக்கும் தலை கிழக்கேதான்.

இருபத்திரண்டு அங்குலத்தையும் மிச்சம் பிடித்து, இரண்டு கட்டிலையும் ஒட்டவைத்தால் என்ன என்று தோன்றும். கால் வைக்க இடமில்லாமல் போவதோடு, பெரிய கட்டிலின் போர்வை சரிந்து குழந்தைக் கட்டிலுக்குள் விழும். ஒரு பக்கம் திறந்து, பெரியவர் கட்டிலோடு பட்டையால் இறுக்கும் வகைக் கட்டில்கள் வேறு. அவற்றில் இரண்டு மெத்தைகளும் ஒரே உயரத்தில், நடுவே துளி இடுக்கும் இல்லாமல் பூட்டப்பட வேண்டும். தயாரிப்பாளர் குறிப்பிட்ட விதத்தில் பொருந்தாதபோது இடுக்கில் துண்டைச் சுருட்டிச் செருகுவது பழுதை மறைக்குமே தவிர நீக்காது. சாதாரணக் கட்டிலின் ஒரு பக்கச் சட்டத்தைக் கழற்றிவிட்டுக் கயிற்றால் கட்டுவது கூடவே கூடாது.

இந்த அறையில் ஒரு சிக்கல் கட்டிலை நகர்த்திய பிறகுதான் கண்ணில் படும். முன்பு பெரிய கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த சுவிட்ச் போர்டு இப்போது குழந்தையின் தலைக்கு நேர் மேலே வந்துவிட்டது. செல்போன் சார்ஜரும் கொசு விரட்டும் இயந்திரமும் அதில்தான் தொங்கிக்கொண்டிருந்தன. நான்கு ஐந்து மாதத்தில் குழந்தை எட்டியதைப் பிடித்து இழுக்கும். அதனால் குழந்தைக் கட்டிலைக் கிழக்குச் சுவரிலிருந்து ஓர் அடி மேற்கே நகர்த்த வேண்டும். அப்போதும் கட்டிலின் முனைக்கும் கதவுக்கும் இடையே இரண்டடி மிஞ்சுகிறது, நடைக்கு இடைஞ்சல் இல்லை. ஓர் அடி போதாது என்பதால் அந்தப் போர்டில் எதையும் தொங்கவிடாமல், சார்ஜரைத் தந்தையின் பக்கத்துக்கு மாற்ற வேண்டும். குழந்தையின் தலைக்கு மேலே சுவரில் மாட்டிய படம், அலமாரிப் பலகை, கடிகாரம் இருந்தால் அவையும் இடம் மாற வேண்டியவை. கட்டிலை வாங்கும் முன்பே இதையெல்லாம் கண்டுபிடிக்கச் செலவில்லாத வழி இருக்கிறது. பழைய செய்தித்தாளை ஒட்டி, கட்டிலின் வெளி அளவுக்கு வெட்டித் தரையில் விரித்து, இரண்டு இரவு அதைச் சுற்றி நடந்து பார்ப்பது. விளக்கை அணைத்துவிட்டு நடந்தால் எங்கே இடிக்கிறது என்று தெரிந்துவிடும்.

எட்டுக்கு எட்டு அறையில் இந்தக் கணக்கு பலிக்காது. அங்கே முதல் மாதங்களுக்கு, கால்களோடு நிற்கும் சிறிய தட்டைத் தொட்டில் கைகொடுக்கும். ஒரு நாற்காலி அளவு இடம் போதும். அதன் எல்லை எடையும் வயதும். குழந்தை புரளத் தொடங்கியதும், அல்லது கையை ஊன்றி எழும்பியதும் அதன் காலம் முடிந்தது. பெரும்பாலும் ஐந்தாம் மாதத்துக்குள் அந்த நாள் வந்துவிடும்.

கட்டில் இல்லாத வீடுகளும் ஏராளம். எல்லோரும் தரையில் படுக்கும் வீட்டில் தனிப் படுக்கை என்பது தாயின் பாயிலிருந்து இரண்டடி தள்ளி விரித்த, குழந்தைக்கு மட்டுமான மெல்லிய கெட்டி மெத்தைதான். சுவரோரத்தையும், தூக்கத்தில் புரளும் மூத்த குழந்தையின் பக்கத்தையும் தவிர்த்தால் போதும். நியூசிலாந்தின் மவோரி மக்களிடையே 2006 வாக்கில் ஒரு முயற்சி தொடங்கியது. குழந்தையைப் பக்கத்தில் போட்டுக்கொள்ளும் அவர்களுடைய மரபைப் பழிக்காமல், இலை நாரால் பின்னிய வஹாகுரா என்ற தட்டைக் கூடையைக் கொடுத்தார்கள். குழந்தை அந்தக் கூடைக்குள், கூடை பெற்றோருக்குப் பக்கத்தில். பக்கத்தில் வைத்துக்கொள்ளும் ஆசையும் நிறைவேறியது, குழந்தைக்குத் தனித் தளமும் கிடைத்தது.

சேலைத் தூளியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அதில் ஆடித் தூங்காத தமிழ்க் குழந்தை அபூர்வம், தூளியில் போட்டால் அழுகை நிற்பதும் உண்மை. ஆனால் அது சமதளமும் அல்ல, கெட்டியும் அல்ல. குழந்தையின் உடம்பு வில்லாய் வளைய, முகவாய் மார்பில் படியும்போது மெல்லிய மூச்சுக்குழாய் குறுகும். தலை திரும்பினால் மூக்கு துணியில் புதையும். இளம் மாதங்களில் தலையை மீட்டுக்கொள்ளும் பலம் குழந்தைக்கு இல்லை. தூளியின் துணிச்சுவர் முகத்தை மறைப்பதால், இரண்டடி தூரத்தில் இருப்பவருக்கும் இது தெரியாது. ஒருவர் கண்ணெதிரே தாலாட்ட மட்டும் தூளியை வைத்துக்கொண்டு, குழந்தை தூங்கியதும் எடுத்துக் கெட்டிப் படுக்கைக்கு மாற்றிவிட வேண்டும். வீடே தூங்கும் இரவுக்குத் தூளி உகந்ததல்ல.

சூடும் கொசுவும் தமிழகத்துக்கே உரிய கவலைகள். பிரிட்டனில் குழந்தை தூங்கும் அறை 16 முதல் 20 டிகிரி வரை இருக்கட்டும் என்கிறார்கள். மே மாதச் சென்னைக்கு அந்த எண்ணால் பயனில்லை. குழந்தையின் கை, கால் குளிர்ந்திருப்பது இயல்பு, அவற்றை வைத்து எடைபோடக் கூடாது. பிடரியிலோ மார்பிலோ விரலை வைத்துப் பார்த்தால், வியர்வையும் சூடும் தெரிந்தால் உடை அதிகம் என்று அர்த்தம். மின்விசிறி ஓடும் அறையில் ஒரு பருத்திச் சட்டை போதும். ஏசி ஓடினால் போர்வைக்குப் பதில் முழுக்கை உடை. வீட்டுக்குள் தூங்கும்போது குல்லா வேண்டாம். உடம்பின் சூடு வெளியேற குழந்தைக்குத் தலை முக்கிய வழி. மேலே சொன்ன அறையில் ஏசி பெரிய கட்டிலின் தலைமாட்டுக்கு மேலே கிழக்குச் சுவரில் இருந்தால் காற்று மேற்கு நோக்கிப் போகும். தெற்கோரம் இருக்கும் குழந்தை மேல் நேராக அடிக்காது. கொசுவலை வெளியிலிருந்து விறைப்பாகக் கட்டப்பட வேண்டும். தளர்ந்து உள்ளே தொங்கும் வலை குழந்தையின் கையில் சிக்கும், முகத்தில் படியும். மூடிய அறையில் கொசுவத்திச் சுருள் வேண்டவே வேண்டாம். சிகரெட் புகைக்கும் இதே விதிதான். அதைப் பால்கனியில் பிடித்துவிட்டு வந்து குழந்தையோடு ஒரே மெத்தையில் படுப்பதும் ஆபத்தே.

இப்படி ஒழுங்கான அறையிலும் அதிகாலை மூன்று மணி வரத்தான் செய்யும். தாய் விளிம்பில் உட்கார்ந்து, சுவரோடு முதுகுக்குத் தலையணை கொடுத்துப் பால் கொடுக்கிறார். முடிந்ததும் ஏப்பம் விடவைத்து, கை நீட்டிக் கட்டிலில் மல்லாந்து போடுகிறார். படுத்தபடிதான் கொடுக்க முடிகிறது, கண் சொருகுகிறது என்றால், பால் கொடுக்கும் முன்பே அந்தப் பக்கத்துத் தலையணைகளையும் போர்வையையும் அகற்றிவிட வேண்டும். தூங்கிவிடுவோமோ என்ற பயம் இருந்தால், கட்டிலில் இருப்பதே சோபாவுக்குப் போவதைவிட மேல் என்று அமெரிக்கக் கழகமே சொல்கிறது. விழிப்பு வந்த உடனே குழந்தையைத் திரும்பப் போட வேண்டும். ஒன்றாகத் தூங்கும் நேரம் நீள நீள ஆபத்தும் கூடுகிறது. வீட்டில் இன்னொருவர் இருந்தால், பால் கொடுத்து முடித்ததும் குழந்தையை வாங்கித் திரும்பப் போடுவதை அவர் பொறுப்பில் விட்டுவிடலாம். பிள்ளை பெற்றவளின் அசதியை நம்பி ஏற்பாடு நிற்கக் கூடாது.

கட்டிலின் அடித்தட்டை இரண்டு உயரங்களில் பொருத்த முடிந்தால், முதல் மாதங்களில் அது மேலே இருக்கட்டும். குனியாமல் எடுக்கலாம், தையலில் இழுப்பு இருக்காது. குழந்தை கையை ஊன்றி மார்பைத் தூக்கத் தொடங்கியதும் கீழே இறக்கிவிட வேண்டும். புரள முயலும் அறிகுறி தெரிந்த நாளே துணி சுற்றித் தூங்கவைப்பதையும் நிறுத்த வேண்டும். கை கட்டப்பட்ட நிலையில் குப்புற விழுந்தால் குழந்தையால் திரும்ப முடியாது. இரு பக்கமும் தானாகப் புரளத் தெரிந்த குழந்தையை மல்லாந்து போட்ட பிறகு, அது குப்புறத் திரும்பித் தூங்கினால் அப்படியே விட்டுவிடலாம். ஆறு மாதம் முடிந்த பிறகு கட்டில் அதே இடத்தில் நிற்கலாம், வேறு அறைக்கும் போகலாம். தனி அறை இல்லாத வீட்டில் அது அங்கேயேதான் நிற்கும். அப்போது குழந்தை கம்பியைப் பிடித்து எழுந்து நிற்கப் பார்க்கும் காலம் நெருங்கியிருக்கும். செய்தித்தாள் விரித்து அளந்த அதே இடத்தில், நிற்கும் குழந்தையின் கை எதுவரை எட்டும் என்பதை இன்னொரு முறை அளக்க வேண்டியிருக்கும்.